மாணவர்களின் விர்ச்சுவல் மெஷின்களுக்கு சர்வர் கேட்டு கல்லூரி முதல்வருக்குக் கடிதம்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஆய்வகப் பொறுப்பைப் புதிதாக ஏற்றவர்கள் சிலர், முதல்வருக்கு அனுப்பும் முன் கடிதத்தை என்னிடம் காட்டுவதுண்டு. தேதி, பொருள், 'துறைத் தலைவர் வழியாக' எல்லாம் சரியாகவே இருக்கும். கோட்டை விடுவது நடுப் பத்தியில்தான்: என்ன சர்வர், ஏன் அந்த அளவு.

பிராசஸரைப் பெரிதாகக் கேட்டு, ரேமையும் டிஸ்க்கையும் கோட்டை விடுவது

இதைப் பார்த்தால் இன்றும் எனக்கு எரிச்சல் வரும், ஏனென்றால் பணம் செலவான பிறகுதான் தவறு தெரியும். எனக்குத் தெரிந்த ஒரு கல்லூரியில் 32 கோர், 64 ஜி.பி. ரேம், 4 டி.பி. ஹார்ட் டிஸ்க் இரண்டு என்று எழுதி வாங்கினார்கள். முதல் பிராக்டிகலில் 60 பேரும் ஒரே நேரத்தில் மெஷினை ஆன் செய்தார்கள். பலருக்கு லாகின் திரையே வரவில்லை. சர்வரில் பார்த்தால் பிராசஸர் சும்மா கிடக்கிறது.

```
top
free -h
```

`top` காட்டும் `wa` எண் ஏறி நின்றால், பிராசஸர் டிஸ்க்குக்காகக் காத்திருக்கிறது என்று பொருள். `free -h` காட்டும் Swap வரிசையில் used ஏறிக்கொண்டே போனால் ரேம் போதவில்லை. அங்கே இரண்டுமே நடந்தது.

பிராசஸரைப் பகிர்ந்துகொள்ளலாம். மாணவர் பெரும்பாலான நேரம் தட்டச்சு செய்கிறார், யோசிக்கிறார். அப்போது அவருடைய கோர் மற்றவருக்குப் போகும். ஆளுக்கு 2 விர்ச்சுவல் கோர் வீதம் 60 பேருக்கு 120 என்றாலும், நிஜத்தில் 32 கோர் இருந்தால் ஓடிவிடும். எல்லோரும் ஒரே நேரத்தில் கம்பைல் செய்தால் கொஞ்சம் மெதுவாகும், அவ்வளவுதான். ரேம் அப்படி இல்லை. ஒருவர் பிடித்த இடத்தை அவர் விடும்வரை அடுத்தவருக்குத் தர முடியாது. தீர்ந்துவிட்டால் சர்வர் டிஸ்க்கை ரேமாகப் பயன்படுத்தத் தொடங்கும், எல்லோருடைய திரையும் சேர்ந்து உறையும்.

எனவே கணக்கை ரேமிலிருந்து தொடங்குங்கள். கடினமான பிராக்டிகல் ஒன்றை ஒரே ஒரு விர்ச்சுவல் மெஷினில் செய்துபார்த்து, `free -h` காட்டும் used அளவைக் குறியுங்கள். வரைகலைத் திரை இல்லாத உபுண்டுவில் ஒன்றரை ஜி.பி. வருகிறது என்று வைத்துக்கொள்வோம். ஆளுக்கு 2 ஜி.பி. ஒதுக்கினால் 60 பேருக்கு 120. சர்வரின் சொந்தத் தேவைக்கு இன்னும் ஒரு 8 முதல் 16 ஜி.பி. வேண்டும். 128 வாங்கினால் மிச்சமே இருக்காது என்பது இங்கேயே தெரிந்துவிடும். 32 ஜி.பி. துண்டுகள் எட்டு, ஆக 256 என்று கேளுங்கள். மீதி ஸ்லாட்டுகள் காலியாக இருக்கட்டும். விண்டோஸ் 11 பிராக்டிகலும் உண்டென்றால் அதன் குறைந்தபட்சத் தேவையே ஆளுக்கு 4 ஜி.பி., கணக்கை மறுபடி போட வேண்டும்.

அப்புறம் டிஸ்க். கொள்ளளவை மட்டும் பார்க்கக் கூடாது. சுழலும் ஹார்ட் டிஸ்க் ஒன்று, அங்குமிங்குமாகச் சிதறிய கோரிக்கைகளை நொடிக்கு ஏறக்குறைய நூறுதான் முடிக்கும். 60 பேருக்குப் பங்கிட்டால் ஆளுக்கு இரண்டுகூடத் தேறாது. எஸ்.எஸ்.டி. இதே வேலையைப் பல்லாயிரக்கணக்கில் செய்யும். மூல மெஷின் ஒன்றை வைத்து லிங்க்டு குளோன் எடுத்தால் மாணவர் மாற்றியது மட்டுமே சேமிக்கப்படும். ஆளுக்கு 8 ஜி.பி. என்றாலும் 480 ஜி.பி.தான். ஆக, சர்வருக்கான 2 டி.பி. அளவு எஸ்.எஸ்.டி. இரண்டை, இரண்டிலும் ஒரே தரவு இருக்கும்படி மிரர் செய்தால் தாராளம்.

முதல்வர் வேதியியலோ வரலாறோ படித்தவராக இருக்கலாம். இந்தக் கணக்கை அவருக்கு இப்படி எழுதலாம்:

"ஒரு பிராக்டிகல் வகுப்பில் 60 மாணவர்கள் ஒரே நேரத்தில் பணிபுரிகின்றனர். ஒருவருக்கு 2 ஜி.பி. நினைவகம் தேவை என்பதை ஆய்வகத்தில் சோதித்து அறிந்தோம். அதன்படி 120 ஜி.பி.யும், சர்வரின் இயக்கத்துக்குக் கூடுதலாகவும் தேவைப்படுவதால் 256 ஜி.பி. கோருகிறோம். இதற்குக் குறைந்தால் வகுப்பை இரு பிரிவாக நடத்த வேண்டிவரும்."

கடைசி வரியை விட்டுவிடாதீர்கள். தொகையைக் குறைக்கச் சொல்பவருக்கு, எதை இழக்கிறோம் என்று அதுதான் சொல்லும்.

துறையின் மொத்த மாணவர் எண்ணிக்கையைப் போடுவது

ஒரே நேரத்தில் உட்காருபவர்களை மட்டும் எண்ணுங்கள்.

கம்பெனி பெயரையும் மாடலையும் எழுதுவது

கொள்முதல் குழு 'ஏன் இது மட்டும்' என்று திருப்பி அனுப்பும். தேவையான அளவுகளை எழுதினால் போதும், மூன்று கொட்டேஷன்களையும் ஒப்பிட அதுவே வசதி.

மென்பொருள் செலவைச் சொல்லாமல் விடுவது

விர்ச்சுவல் மெஷின்களை இயக்கும் மென்பொருளான பிராக்ஸ்மாக்ஸ் வி.இ.யை இலவசமாகப் பயன்படுத்தலாம். கட்டணச் சந்தா விருப்பம்தான். இதை ஒரு வரியில் எழுதிவிட்டால் ஆண்டுக் கட்டணம் பற்றிய கேள்வி எழாது.

மிரர் இருக்கிறதே என்று பேக்கப்பை விடுவது

மாணவர் தவறி அழித்தால் இரண்டு டிஸ்க்கிலும் அழியும். தனி இயந்திரம் ஒன்று வேண்டும். ஆய்வகத்தின் பழைய கணினியில் ஒரு 4 டி.பி. ஹார்ட் டிஸ்க் போட்டாலே போதும்.

யு.பி.எஸ்., ஏ.சி.

இதே கடிதத்தில் கேளுங்கள்.