650 வாட் என்று மட்டும் எழுதியிருந்தால்: கேமிங் கணினி விளம்பரத்தில் நாம் கவனிக்காமல் விடுபவை

தீபாவளி நெருங்கும்போதும் ஆண்டு இறுதிப் பள்ளி விடுமுறையிலும் கேரோசலில் இந்த மாதிரி விளம்பரங்கள் வரிசைகட்டி நிற்கும்:

```
i5-12400F | RTX 4060 Ti 8GB | 16GB DDR4 RGB | 1TB NVMe | 650W PSU
```

விலை 1,200 வெள்ளி என்று வைத்துக்கொள்வோம். முதல் இரண்டுக்கு மட்டும் முழு மாடல் பெயர் இருக்கிறது, மற்றவற்றுக்கு வெறும் எண்தான். வாங்குபவர் யூடியூபில் தேடிப் பார்ப்பது ப்ராசஸரையும் கிராபிக்ஸ் கார்டையும்தான் என்பது விற்பவருக்கு நன்றாகத் தெரியும். செலவைக் குறைக்க அவர் கைவைப்பது அதற்குப் பின்னால் வரும் பாகங்களில். எனவே மாடல் பெயர் சொல்லாத பாகம் எல்லாம் மலிவானது என்று எடுத்துக்கொண்டே வாசிக்கத் தொடங்குங்கள். இல்லை என்று நிரூபிப்பது விற்பவர் வேலை.

அடிக்கடி நடக்கும் முதல் தவறு, ‘16 ஜிபி இருக்கிறது, போதும்’ என்று நகர்ந்துவிடுவது. அந்த 16 ஜிபி ஒரே ஸ்டிக்காக இருக்கிறதா, இரண்டு 8 ஜிபி ஸ்டிக்குகளா என்பதுதான் கேள்வி. ப்ராசஸருக்கும் ரேமுக்கும் இடையே இரண்டு பாதைகள் உண்டு. ஒரே ஸ்டிக் போட்டால் ஒரு பாதை சும்மா கிடக்கும். டிடிஆர்4-3200 ரேமில் ஒரு பாதையின் உச்சவேகம் நொடிக்கு 25.6 ஜிபி, இரண்டும் சேர்ந்தால் 51.2 ஜிபி. கொள்ளளவு மாறவில்லை, வேகம் பாதியாகிவிட்டது.

இதைச் சராசரி எஃப்பிஎஸ் எண்ணை வைத்துக் கண்டுபிடிக்க முடியாது என்பதுதான் சிக்கல். சராசரி ஓரளவுதான் குறையும். அதைவிட மோசமாக அடிவாங்குவது மிக மெதுவாக வரும் ஃப்ரேம்கள்: சண்டை நடக்கும்போது, பல பேர் ஒரே இடத்தில் கூடும்போது திரை ஒரு கணம் திக்கும். வாலரண்ட், கவுன்டர் ஸ்டிரைக் போல ப்ராசஸரை நம்பியிருக்கும் ஆட்டங்களை 1080பி-யில் ஆடுபவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். 4கே-யில் கிராபிக்ஸ் கார்டே மூச்சுத்திணறும் ஆட்டங்களில் வித்தியாசம் சிறிதாகிவிடும். தனி கிராபிக்ஸ் கார்டே இல்லாமல் ரைசன் 5600G மாதிரி ப்ராசஸருக்குள்ளேயே கிராபிக்ஸ் இருக்கும் கணினி என்றால், ஒற்றை ஸ்டிக்கைத் தொடவே வேண்டாம். அதன் கிராபிக்ஸ் முழுக்க இந்த ரேமைத்தான் பயன்படுத்துகிறது.

கேட்டால், “தம்பி, டிடிஆர்5 எல்லாம் ஒரே ஸ்டிக்கிலேயே டூயல் சேனல்தான்” என்று சிலர் சமாளிப்பார்கள். பாதி உண்மை. டிடிஆர்5 ஸ்டிக்கின் 64 பிட் அகலம் உள்ளுக்குள் இரண்டு 32 பிட் பகுதிகளாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது, ஆனால் மொத்த அகலம் அதே 64 தான். இரண்டு ஸ்டிக் போட்டால்தான் 128 ஆகும். CPU-Z நிரலில் `2 x 32-bit` என்று வந்தால் ஒரு பாதை, `4 x 32-bit` என்று வந்தால் இரண்டு பாதை.

படத்தை நம்பி முடிவெடுக்காதீர்கள். கண்ணாடிக்குப் பின்னால் நான்கு ஸ்டிக்குகள் வண்ணவண்ணமாக ஒளிரலாம். உள்ளே ரேமே இல்லாமல் விளக்கு மட்டும் இருக்கும் டம்மி ஸ்டிக்குகள் சந்தையில் உண்டு, அழகுக்காகவே விற்கிறார்கள். கடையில் கணினியை ஓட்டிக் காட்டும்போது பவர்ஷெல்லில் இதைத் தட்டச்சு செய்யுங்கள்:

```
Get-CimInstance Win32_PhysicalMemory |
 Select DeviceLocator, Capacity, ConfiguredClockSpeed
```

எத்தனை வரி வருகிறதோ அத்தனை ஸ்டிக். கடைசி எண், ரேம் இப்போது எந்த வேகத்தில் ஓடுகிறது என்பது. பெட்டியில் 3200 என்று போட்டிருந்தும் இங்கே 2133 அல்லது 2666 வந்தால், ரேமைப் பெட்டியில் சொன்ன வேகத்தில் ஓட்டும் XMP அமைப்பை பயாஸில் யாரும் இயக்கவில்லை. அது இரண்டு நிமிட வேலை, அங்கேயே செய்யச் சொல்லுங்கள்.

‘இன்னொரு ஸ்டிக்கைப் பிறகு வாங்கிப் போட்டுக்கொள்ளலாமே’ என்பீர்கள். போடலாம்தான். ஆனால் 2025 இறுதியில் ரேம் விலை ஏறிய ஏற்றத்தில் அது சில்லறைச் செலவு இல்லை. டிடிஆர்5 என்றால், தனித்தனியாக வாங்கிய இரண்டு ஸ்டிக்குகள் சொன்ன வேகத்தில் ஒத்துப்போகாமல் முரண்டு பிடிப்பதும் உண்டு.

ரேமையாவது ஒரு கட்டளையில் பார்த்துவிடலாம். விளம்பரத்தில் PSU என்று வரும் பவர் சப்ளையின் பெயரை வழக்கமான கணினிகளில் எந்த மென்பொருளும் சொல்லாது. அது பெட்டியின் அடியில் மூடிக்குப் பின்னால் ஒளிந்திருக்கும். விற்பவருக்கு மிச்சம் பிடிக்க இதைவிட வசதியான இடம் வேறில்லை.

கணினியின் பின்பக்கப் படம் இருந்தால் பெரிதாக்கிப் பாருங்கள். மின்கம்பி செருகும் இடத்துக்குப் பக்கத்தில் 115/230 என்று எழுதிய சின்னச் சிவப்பு சுவிட்ச் தெரிந்தால் அந்த விளம்பரத்தை அப்படியே மூடிவிடலாம். மின்சாரத்தைச் சீராக இழுக்கும் ஆக்டிவ் பிஎஃப்சி சுற்று உள்ள பவர் சப்ளைகளுக்கு அந்த சுவிட்சே தேவையில்லை. அது இருந்தால் பழைய, மலிவான வடிவமைப்பு என்று அர்த்தம். நம் வீட்டு மின்சாரம் 230 வோல்ட். யாராவது சுவிட்சை 115-க்குத் தள்ளிவிட்டுச் செருகினால் வெடிச்சத்தம்தான் கேட்கும். சுவிட்ச் இல்லாததாலேயே நல்ல சரக்கு என்றும் சொல்லிவிட முடியாது.

பவர் சப்ளையின் பக்கவாட்டில் ஒட்டியிருக்கும் லேபிளைப் படமெடுத்து அனுப்பச் சொல்லுங்கள். 650W என்ற பெரிய எழுத்தை விடுங்கள், `+12V` கட்டத்தைப் பாருங்கள். அங்கே 32A என்று இருந்தால் 12 × 32 = 384 வாட். ப்ராசஸரும் கிராபிக்ஸ் கார்டும் உண்பது இந்த 12 வோல்ட்டைத்தான். மீதி வாட் எல்லாம் இன்றைய கணினி அதிகம் தொடாத 5, 3.3 வோல்ட் கணக்கில் ஏற்றிக் காட்டியது. நல்ல 650 வாட் சரக்கில் அந்தக் கட்டத்தில் 54A வரை இருக்கும், அதாவது 648 வாட்.

மேலே உள்ள கணினிக்கே கணக்குப் போடுவோம். 4060 டிஐ 160 வாட், 12400F முழுவீச்சில் 117, மற்றவை எல்லாம் சேர்த்து ஒரு 50. மொத்தம் 327. 384-க்குள் அடங்குகிறதே என்று தோன்றும். ஆனால் கிராபிக்ஸ் கார்டு கண்ணிமைக்கும் நேரத்துக்குள் தன் அளவைத் தாண்டிப் பலமுறை இழுக்கும். அதோடு, மலிவான பவர் சப்ளைகளின் அளவு பெரும்பாலும் 25 டிகிரி வெப்பத்துக்கானது, நல்லவை 40 அல்லது 50 டிகிரிக்குக் கணக்கிடப்பட்டவை. ஏர்கான் போடாத வீவக அறையில் பிற்பகல் வெப்பமே 30-ஐத் தாண்டும். பெட்டிக்குள் இன்னும் அதிகம். விளைவு, நீலத்திரைகூட வராமல் ஆட்டத்தின் நடுவே கணினி சட்டென அணையும். Event Viewer-இல் `Kernel-Power 41` என்று பதிவாகும். மின்சாரம் திடீரென நின்றது என்பதை மட்டுமே அது சொல்லும், காரணத்தைச் சொல்லாது. அதனால் பலர் கிராபிக்ஸ் கார்டைச் சந்தேகித்து அலைவார்கள்.

‘80 பிளஸ்’ முத்திரையைப் பார்த்து அமைதியாகிவிடுவது இன்னொரு தவறு. அது சொல்வது மின்சாரம் எவ்வளவு வீணாகிறது என்பதை மட்டும். பாதுகாப்புச் சுற்றுகள் ஒழுங்காக வேலை செய்யுமா என்பதைப் பற்றி அதில் ஒன்றுமில்லை. முத்திரையே போலியாகவும் இருக்கலாம். மாடல் பெயர் கிடைத்தால் 80 பிளஸ் தளத்தின் பட்டியலில் தேடிப் பார்த்துவிடலாம்.

சிம் லிம் ஸ்குவேரிலோ வேறெங்கோ கடையில் வாங்கினால், பொருளில் இருக்கும் குறைக்கு லெமன் சட்டம் துணைக்கு வரும். முதல் ஆறு மாதத்துக்குள் தெரியவரும் குறை விற்கும்போதே இருந்ததாகத்தான் பொதுவாகக் கொள்ளப்படும். கேரோசலில் தனி ஆள் விற்றால் அந்தச் சட்டம் பொருந்தாது. எப்படியானாலும், “650 வாட்” என்று விற்றதை 650 வாட் என்றே கொடுத்திருக்கும்போது வாதாடுவது கடினம். பேசும்போதே “2x8 ரேம், பவர் சப்ளை இன்ன பிராண்ட், இன்ன மாடல்” என்று கேளுங்கள். சில கடைகள் கூடுதலாக 50, 60 வெள்ளி வாங்கிக்கொண்டு பவர் சப்ளையை மாற்றித் தரும். அப்படி மாற்றினால் அந்த மாடல் பெயரை ரசீதிலும் எழுதி வாங்குங்கள். வாட்ஸ்அப்பில் “ஓகே பாஸ்” என்று வந்த பதில் போதாது.