முனைப் புள்ளிகள் தவறிப்போகும் இடங்கள்

அசமன்பாடுகளை வரைபடத்தில் வரைந்து, அவை எல்லாம் சேர்ந்து பொருந்தும் ஏற்புடைய பகுதியின் முனைகளைக் கண்டுபிடிக்கும்போது மாணவர்கள் எங்கே தவறுகிறார்கள் என்று பார்க்க, இந்தத் தொகுதியை எடுத்துக்கொள்வோம்:

```
x + 2y ≤ 10
3x + y ≤ 15
x − y ≥ −2
x ≥ 0, y ≥ 0
```

முதல் சறுக்கல் மூன்றாவது அசமன்பாட்டில்தான் வரும். y-ஐத் தனியாக்கும்போது −y ≥ −x − 2 என்பது வரை சரியாக வந்துவிடுவார்கள். பிறகு −1ஆல் பெருக்கும்போது குறியைத் திருப்ப மறந்து y ≥ x + 2 என்று எழுதிவிடுவார்கள். சரியானது y ≤ x + 2. கோடு இரண்டுக்கும் ஒன்றுதான் என்பதால் வரைபடத்தைப் பார்த்துப் பிழையைக் கண்டுபிடிக்க முடியாது. நிழலிடும் பக்கம் மட்டும் மாறிவிடும். அப்போது ஏற்புடைய பகுதி (0, 2), (2, 4), (0, 5) என்ற சிறு முக்கோணமாகச் சுருங்கும். 3x + y = 15 கோடு அதை எங்கும் தொடாது. ஒரு கோடு இப்படி ஒட்டாமல் நின்றால் அது உண்மையிலேயே தேவையற்ற கட்டுப்பாடாகவும் இருக்கலாம். ஆனாலும் குறிகளை ஒருமுறை சரிபார்த்துவிடுங்கள்.

இதைத் தவிர்க்க எளிய வழி, மாற்றி எழுதாமல் கொடுத்த வடிவிலேயே (0, 0)-ஐப் போட்டுப் பார்ப்பது. 0 − 0 ≥ −2 என்பது உண்மை. எனவே ஆதி இருக்கும் பக்கமே நமக்கு வேண்டியது. ஒரே எச்சரிக்கை: y ≤ 2x போல ஆதி வழியாகவே செல்லும் கோட்டுக்கு இந்தச் சோதனை உதவாது. 0 ≤ 0 என்று வருமே தவிர, எந்தப் பக்கம் என்று தெரியாது. அங்கே (1, 0) போன்ற வேறொரு புள்ளியை எடுக்க வேண்டும்.

அடுத்த தவறுதான் அதிகம் பார்ப்பது: கோடுகள் வெட்டும் இடத்தையெல்லாம் முனையாக எழுதிவிடுவது. இங்கே அச்சுகளையும் சேர்த்து 5 கோடுகள்; அவை 10 இடங்களில் வெட்டிக்கொள்கின்றன. இரண்டாவது, மூன்றாவது கோடுகள் வெட்டும் (3.25, 5.25)-ஐப் பாருங்கள். முதல் அசமன்பாட்டில் போட்டால் 3.25 + 10.5 = 13.75. இது 10-ஐத் தாண்டுகிறது, எனவே முனை அல்ல. (10, 0) இரண்டாவதில் 30 தருகிறது, அதுவும் போயிற்று. (0, 5) மூன்றாவதில் −5 தருகிறது. (0, 15), (−2, 0) இரண்டும் இப்படியே கழிந்துவிடும்.

மிஞ்சுபவை (0, 0), (5, 0), (4, 3), (2, 4), (0, 2). (4, 3)-ஐ வரைபடத்தில் கண்ணளவாகப் படிக்காதீர்கள். கோடு சற்றே சாய்ந்தாலும் 3.9, 3.1 என்று தோன்றும். x + 2y = 10, 3x + y = 15 இரண்டையும் தீர்த்தே எடுங்கள்: y = 15 − 3x என்று பிரதியிட்டால் 30 − 5x = 10, x = 4.

எழுதும்போது எல்லையைச் சுற்றி வரிசையாகப் போங்கள். அடுத்தடுத்த இரு முனைகள் ஒரே கோட்டில் இருக்க வேண்டும். (5, 0)-இலிருந்து நேராக (2, 4)-க்குத் தாவினால் இரண்டும் எந்த எல்லைக் கோட்டிலும் சேர்ந்து அமையாது. இடையில் (4, 3) விட்டுப்போயிருக்கிறது என்று அங்கேயே தெரிந்துவிடும்.