ஸ்கேனில் தெறித்த கறுப்பு வெள்ளைப் புள்ளிகள்: ப்ளர் போடாமல் மீடியன் ஃபில்டரால் எடுப்பது எப்படி?

பழைய பக்கத்தின் ஸ்கேன் ஒன்றைத் திறந்து 400 சதவீதத்துக்குப் பெரிதாக்கிப் பாருங்கள். தாளின் வெளிறிய பரப்பில் ஒற்றை ஒற்றையாகக் கறுப்புப் பிக்சல்கள், எழுத்தின் கறுப்புக்கு நடுவே திடீர் வெள்ளைப் பிக்சல்கள் என்று இறைந்து கிடந்தால், அதைத்தான் உப்பு மிளகு இரைச்சல் என்கிறார்கள். பலரும் முதலில் கை வைப்பது ப்ளரில்தான். புள்ளி மங்கும், கூடவே எழுத்தும் மங்கும். இந்த வேலைக்கு மீடியன் ஃபில்டர்தான் சரி. ஆனால் அதையும் கண்ணை மூடிக்கொண்டு போட்டால் எழுத்துகளின் தலையில் இருக்கும் புள்ளியையும் சேர்த்துத் துடைத்துவிடும். அந்த இடத்தைத்தான் இங்கே கொஞ்சம் விரிவாகப் பார்க்கப் போகிறோம்.

## முதலில், இது அந்த இரைச்சல்தானா?

பெரிதாக்கிய படத்தில் ஒரு புள்ளியை மட்டும் கவனியுங்கள். அதன் ஓரம் சட்டென்று முடிகிறதா? பக்கத்துப் பிக்சல் சுத்தமான தாள் நிறத்தில் இருக்கிறதா? அப்படியென்றால் தாராளமாக மேலே போகலாம்.

புள்ளியைச் சுற்றிச் சாம்பல் நிறத்தில் ஒரு அழுக்கு வளையம் தெரிந்தால், அந்தக் கோப்பை ஏற்கனவே யாரோ சிறிதாக்கியிருக்கிறார்கள், அல்லது ஜேபெக்காகச் சேமித்திருக்கிறார்கள். ஜேபெக் படத்தை 8×8 கட்டங்களாகப் பிரித்துச் சுருக்கும். அப்போது ஒற்றைப் புள்ளியின் பாதிப்பு அந்தக் கட்டம் முழுக்கச் சிதறிவிடும். மீடியன் ஃபில்டரால் அதைத் திரும்பப் பொறுக்க முடியாது. அசல் ஸ்கேன் கோப்பு கிடைத்தால் அதிலிருந்தே தொடங்குங்கள். அளவு மாற்றுவது, சாய்வைத் திருத்துவது, ஜேபெக்காக மாற்றுவது எல்லாமே புள்ளிகளை எடுத்த பிறகுதான்.

## ஒன்பது எண்களில் நடப்பது

கிரேஸ்கேல் படத்தில் ஒவ்வொரு பிக்சலும் 0 முதல் 255 வரை ஓர் எண். 0 கறுப்பு, 255 வெள்ளை. வெறும் தாள் இருக்கும் பகுதியில், நடுவில் ஒரு கறுப்புப் புள்ளி விழுந்த 3×3 சதுரம் இது:

```
212 209 214
210   0 211
213 208 212
```

சாதாரண ப்ளர் ஒன்பதையும் கூட்டி 9-ஆல் வகுக்கும். 1689 வகுத்தல் 9, ஏறத்தாழ 188. நடுப் புள்ளி 0-விலிருந்து 188-க்கு வந்துவிட்டது, நல்லதுதான். ஆனால் சுற்றியுள்ள எட்டுப் பிக்சல்களுக்கும் தத்தம் கணக்கு நடக்கும்போது இந்த 0 அவற்றிலும் போய்ச் சேரும். அவையும் 188 பக்கமாக இறங்கும். ஒரு கறுப்புப் பிக்சல் இருந்த இடத்தில் இப்போது ஒன்பது சாம்பல் பிக்சல்கள். புள்ளி எங்கும் போகவில்லை, பரவியிருக்கிறது.

மீடியன் கூட்டுவதே இல்லை. ஒன்பதையும் வரிசைப்படுத்தி நடுவில் நிற்பதை எடுத்துக்கொள்ளும்:

```
0 208 209 210 [211] 212 212 213 214
```

விடை 211. அந்த 0 வரிசையின் ஓரத்தில் ஒதுங்கிவிட்டதால் அதன் பேச்சு எடுபடவில்லை. அது 0 ஆக இருந்தாலும் 100 ஆக இருந்தாலும் விடை அதே 211தான்.

எழுத்தின் விளிம்பு ஏன் மங்குவதில்லை என்பதற்கும் இதே கணக்குதான் காரணம். நேரான விளிம்பில், கறுப்புப் பக்கத்தின் கடைசிப் பிக்சலில் சதுரத்தை வையுங்கள். ஒன்பதில் ஆறு கறுப்பு, மூன்று வெள்ளை. நடு எண் கறுப்பு. ஒரு பிக்சல் தள்ளி வெள்ளைப் பக்கம் வைத்தால் ஆறு வெள்ளை, விடையும் வெள்ளை. விளிம்பு இருந்த இடத்திலேயே நிற்கிறது.

## செய்து பார்ப்போம்

பைத்தானும், படங்களைக் கையாளும் அதன் ஓப்பன்சிவி நூலகமும் போதும். டெர்மினலில்:

```
pip install opencv-python
```

அப்புறம் இந்தச் சில வரிகள்:

```python
import cv2

img = cv2.imread("page.png", cv2.IMREAD_GRAYSCALE)
med = cv2.medianBlur(img, 3)
diff = cv2.absdiff(img, med)

cv2.imwrite("clean.png", med)
cv2.imwrite("removed.png", 255 - diff)
```

`medianBlur` என்ற பெயரில் ப்ளர் இருப்பதைப் பார்த்துத் தயங்க வேண்டாம், நமக்கு வேண்டிய மீடியன் இதுதான். 3 என்பது சதுரத்தின் பக்க அளவு. அது ஒற்றைப்படையாகத்தான் இருக்க வேண்டும், 4 கொடுத்தால் பிழை வரும். கோப்பின் பெயரோ இடமோ தவறாக இருந்தால் `imread` பிழை காட்டி நிற்காமல் `None` தந்துவிடும். பிழைச்செய்தி அடுத்த வரியில்தான் வரும், அதனால் `medianBlur` மீது சந்தேகப்பட்டுத் தேடிக்கொண்டிருக்காதீர்கள்.

கடைசி வரியில் சேமிக்கிறோமே `removed.png`, என் கணக்கில் முக்கியமான கோப்பு அதுதான். ஃபில்டர் எதையெல்லாம் மாற்றியது என்பதை வெள்ளைப் பின்னணியில் கறுப்பாகக் காட்டும். சுத்தமான பக்கத்தைப் பார்த்து "நன்றாக இருக்கிறது" என்று முடிவுகட்டுவது எளிது. காணாமல் போன ஒன்று அங்கே எப்படித் தெரியும்? அதனால் `removed.png`-ஐத் திறங்கள். ஒழுங்கில்லாமல் இறைந்த புள்ளிகள் மட்டும் இருந்தால் வேலை சுத்தம். அங்கங்கே எழுத்து மூலைகள் லேசாகத் தெரிவது இயல்பு. ஆனால் வரி வரியாக எழுத்துகளின் உருவம் தெரிந்தாலோ, வரிக்கு மேலே ஒரே உயரத்தில் புள்ளிகள் அணிவகுத்தாலோ, ஃபில்டர் எழுத்தைத் தின்றிருக்கிறது.

## க் எப்போது க ஆகிறது

மீடியனின் விதி எளிது: சதுரத்தில் பாதிக்கு மேல் யார் இருக்கிறார்களோ அவர்கள் நிறம். 3×3-இல் ஐந்து பிக்சலாவது வேண்டும். இரைச்சல் எது, எழுத்து எது என்று அதற்குத் தெரியாது. அளவு மட்டும்தான் தெரியும்.

ஒரு பிக்சல் தடிமனுள்ள கோட்டை எடுத்துக்கொள்ளுங்கள். அதன்மேல் சதுரத்தை வைத்தால் மூன்று கறுப்பு, ஆறு வெள்ளை. கோடு மொத்தமாகப் போச்சு. இரண்டு பிக்சல் தடிமன் என்றால் ஆறு கறுப்பு, கோடு பிழைக்கும். ஆனால் அதன் நுனியில் நான்கு கறுப்புதான் வரும் என்பதால், நுனி ஒரு பிக்சல் தேயும்.

மெய்யெழுத்துப் புள்ளிக்கு வருவோம். 300 டிபிஐயில், அதாவது அங்குலத்துக்கு 300 பிக்சல் என்ற அளவில், ஸ்கேன் செய்த ஒரு பக்கத்தில் எழுத்தின் கோடு 4 பிக்சல் தடிமன், புள்ளி 5×5 பிக்சல் என்று வைத்துக்கொள்வோம். கணக்குக்காகப் புள்ளியைச் சதுரமாகவே எடுத்துக்கொள்கிறேன். 3×3 ஃபில்டர் அதன் நான்கு மூலைகளை மட்டும் உதிர்க்கும். புள்ளி கொஞ்சம் உருண்டையாகும், அவ்வளவுதான். அதே புள்ளிமேல் 5×5 ஃபில்டரை ஓட்டினால் 25 பிக்சல்களில் 12 போய்விடும், ஏறக்குறைய பாதி.

இதே பக்கத்தை 150 டிபிஐயில் ஸ்கேன் செய்திருந்தால் எல்லா அளவும் பாதியாகும். புள்ளி 2×2 ஆகச் சுருங்கியிருந்தால் சதுரத்தில் நான்குக்கு மேல் கறுப்பே வராது. அப்போது 3×3 ஃபில்டரே அதை முழுசாகத் துடைத்துவிடும். "பக்கம்" என்பது "பககம" ஆகிவிடும். பக்கம் பளிச்சென்று இருக்கும், படிக்கத்தான் முடியாது. அதனால் ஃபில்டருக்கு முன்பே நாலைந்து மெய்யெழுத்துகளைப் பெரிதாக்கிப் புள்ளியின் அகலத்தை எண்ணிவிடுங்கள். மூன்று பிக்சலுக்குக் கீழே என்றால், முடிந்தால் அதிக டிபிஐயில் மறுபடி ஸ்கேன் செய்வதே நல்லது.

## இன்னும் புள்ளி மிச்சம் இருந்தால்

பக்கத்தில் பக்கத்தில் விழுந்து ஒட்டிக்கொண்ட புள்ளிகள் முதல் சுற்றில் போகாமல் இருக்கலாம். 3×3 அளவுக்குத் திரண்ட கறை ஒன்று, மூலைகளை இழந்து கூட்டல் குறி வடிவில் நிற்கும். உடனே 5-க்குத் தாவாதீர்கள். அதே 3-ஐ மறுபடி ஓட்டுங்கள்:

```python
med = cv2.medianBlur(cv2.medianBlur(img, 3), 3)
```

இரண்டாம் சுற்றில் கூட்டல் குறியின் கைகள் உதிர்ந்து நடுப் பிக்சல் மட்டும் மிஞ்சும், மூன்றாவதில் அதுவும் போகும். இரண்டு பிக்சல் தடிமனுள்ள கோட்டை ஒரே ஒரு 5×5 சுற்று அழித்துவிடும், ஏனென்றால் 25-இல் பத்துதான் கறுப்பு. 3×3-ஐத் திரும்ப ஓட்டினால் அந்தக் கோட்டின் உடல் நிற்கும், சுற்றுக்கு ஒரு பிக்சலாக நுனி மட்டும் தேயும். ஒவ்வொரு சுற்றுக்குப் பின்னும் `removed.png`-ஐப் பார்ப்பதை மறக்காதீர்கள்.

## பக்கத்தில் புகைப்படம் இருந்தால்

முழு மீடியன், புள்ளி இல்லாத பிக்சல்களையும் லேசாக மாற்றும். வெறும் எழுத்துப் பக்கத்தில் இது உறுத்தாது. புகைப்படத்தில் தலைமுடியும் துணியின் இழையும் வழவழத்துப் பிளாஸ்டிக் மாதிரி ஆகிவிடும். அதற்கு ஒரு வழி, மீடியனிலிருந்து வெகுவாக விலகி நிற்கும் பிக்சலை மட்டும் மாற்றுவது. மேலே உள்ள நிரலோடு இதைச் சேருங்கள்:

```python
mask = diff > 60
out = img.copy()
out[mask] = med[mask]
cv2.imwrite("photo_clean.png", out)
```

நம் சதுரத்தில் 0-க்கும் 211-க்கும் வித்தியாசம் 211, ஆகவே அது மாறும். தாளின் இழையால் வந்த 3, 4 வித்தியாசங்கள் அப்படியே இருக்கும். 60 என்பது தொடங்குவதற்கு ஓர் எண், வேதவாக்கு ஒன்றுமில்லை. படத்தின் இருண்ட பகுதியில், 50 அளவிலான நிழல்மேல் விழுந்த கறுப்புப் புள்ளிக்கு வித்தியாசமே 50தான், அது தப்பித்துவிடும். அங்கே 30-க்கு இறக்கிப் பாருங்கள். ஒன்று மட்டும்: இந்த வரம்பு புகைப்படத்தின் நுணுக்கத்தைக் காக்குமே தவிர, மெல்லிய கோட்டையோ எழுத்துப் புள்ளியையோ காக்காது. அவற்றுக்கும் தாளுக்கும் வித்தியாசம் எப்படியும் 60-ஐத் தாண்டிவிடும்.

நிரல் எழுத வேண்டாம் என்பவர்கள் கிம்ப் 2.10-இல் `Filters > Blur > Median Blur` போய் `Radius`-ஐ 1 என்று வைத்தால் அதே 3×3 கிடைக்கும். `Percentile` 50-லேயே இருக்கட்டும்.

பூச்சி அரித்த ஓட்டை, மைக்கறை, பத்துப் பதினைந்து பிக்சல் அகலமுள்ள தூசி இவற்றிடம் மட்டும் மீடியனைக் கொண்டுபோகாதீர்கள். அவற்றை விழுங்கும் அளவுக்குச் சதுரத்தைப் பெரிதாக்கினால் எழுத்துதான் முதலில் போகும். அவற்றைக் குளோன் கருவியால் ஒவ்வொன்றாகக் கையால்தான் எடுக்க வேண்டும். சின்னப் புள்ளிகளை முன்பே ஃபில்டர் எடுத்துவிட்டதால், அந்தக் கைவேலை பக்கத்துக்குச் சில இடங்களோடு முடியும்.