மூவர் துப்பாக்கிச் சண்டை: விடை தெரிந்தவர்களும் சறுக்கும் இடங்கள்

அமுதன் சுட்டால் மூன்றில் ஒரு முறை குறி தப்பாது. பாரிக்கு மூன்றில் இரண்டு முறை. செழியனுக்குக் குறி தப்புவதே இல்லை. மூவரும் முக்கோணமாக நிற்கிறார்கள். முதலில் அமுதன், அடுத்து பாரி, அப்புறம் செழியன் என்று ஆளுக்கு ஒரு குண்டாகச் சுட வேண்டும். செத்தவர் முறையைத் தாண்டிவிடலாம். ஒருவர் மட்டும் மிஞ்சும்வரை சண்டை ஓயாது. அமுதன் முதல் குண்டை யார்மேல் சுட வேண்டும்?

யார்மேலும் வேண்டாம், வானத்தைப் பார்த்துச் சுடட்டும் என்பதுதான் விடை. இது பலருக்கும் தெரியும். ஏன் என்று கேட்டு ஒரு தாளைக் கொடுத்தால்தான் சிக்கல் தொடங்குகிறது. பின்னம் கூட்டுவதில் வரும் பிழைகளை விட்டுவிடுகிறேன், அவை தாமாகவே சரியாகிவிடும்.

பாரியைக் குறிவைப்பது

குண்டு பட்டுவிட்டால் அடுத்த முறை செழியனுடையது. அமுதன் கதை முடிந்தது.

அடுத்த முறை யாருடையது என்பதை மறப்பது

எனக்கு இன்றும் எரிச்சல் மூட்டுகிற தவறு இதுதான். செய்பவர்கள் பெரும்பாலும் நன்றாகக் கணக்குப் போடுகிறவர்கள், அதனால் எரிச்சல் இன்னும் கூடுகிறது.

முதலில் வானத்தைச் சுடும் வழியைப் பார்ப்போம். அடுத்து பாரி. தன்னை நிச்சயமாகக் கொல்லக்கூடியவர் செழியன் என்பதால் பாரி அவரைத்தான் சுடுவார். 2/3 வாய்ப்பில் செழியன் விழுவார்; மிஞ்சுவது அமுதனும் பாரியும், சுடும் முறை அமுதனுக்கு. அவர் முதலில் சுடும் அந்த இருவர் சண்டையில் அவருக்கு வெற்றி வாய்ப்பு 3/7. பாரியின் குறி தப்பினால் (1/3) செழியன் பாரியைக் கொல்வார், அமுதனுக்கு ஒரே ஒரு குண்டு: 1/3. மொத்தம் 2/3 × 3/7 + 1/3 × 1/3 = 25/63, ஏறக்குறைய 39.7%.

இப்போது செழியனைச் சுடும் வழி. குறி தப்பினால் (2/3) வானத்தைச் சுட்ட அதே நிலைமை, 25/63. பட்டுவிட்டால்? மிஞ்சுவது மறுபடியும் அமுதனும் பாரியும். ஒரு மாணவர் இந்த இடத்தில் அழகான கையெழுத்தில் 3/7 என்று எழுதி அடிக்கோடும் போட்டிருந்தார். “அதே ரெண்டு பேர்தானே சார்?” என்றார். ஆட்கள் அதேதான், முறைதான் மாறிவிட்டது. செழியனை வீழ்த்தியது அமுதன், ஆகவே அடுத்து சுடுவது பாரி. பாரியின் குறி தப்பினால் மட்டுமே அமுதனுக்கு அந்த 3/7 கிடைக்கும். எனவே 1/3 × 3/7 = 1/7. சரியான மொத்தம் 1/3 × 1/7 + 2/3 × 25/63 = 59/189, அதாவது 31.2%.

அவர் போட்ட கணக்கில் என்ன வந்தது என்று பாருங்கள்: 1/3 × 3/7 + 2/3 × 25/63 = 77/189. வானத்தைச் சுடுவது 75/189. வெறும் 2/189 வித்தியாசத்தில் “செழியனைச் சுடு” என்பதே விடையாகிவிட்டது! எண்ணில் சிறு பிழை என்றால் மன்னிக்கலாம், இங்கே முடிவே தலைகீழாகிவிடுகிறது. கணக்கும் நம்பும்படி இருப்பதால் திரும்பிப் பார்க்கத் தோன்றாது. புத்தகத்து விடைதான் தப்பு என்று வாதாடவும் வருவார்கள்.

நான் சொல்லும் வழி எளிது. “அமுதன்–பாரி” என்று எழுதாதீர்கள், “அமுதன்–பாரி, சுடுவது பாரி” என்று எழுதுங்கள். முறையையும் சேர்த்தால்தான் அது ஒரு முழு நிலை. புதிரின் சூட்சுமமும் அங்கேதான் இருக்கிறது: பெரிய ஆட்களில் ஒருவரை இன்னொருவர் வீழ்த்தினால், அடுத்து சுடும் முறை அமுதனுக்கு வந்து சேரும்.

3/7-ஐத் தொடராகக் கூட்டிக்கொண்டே போவது

தேவையில்லை. அமுதன் முதலில் சுடும் இருவர் சண்டையில் அவர் வெல்லும் வாய்ப்பை x என்று வைத்தால், x = 1/3 + (2/3 × 1/3)x. இருவரும் தவறவிட்டால் பழைய நிலைதான்.

பாரியும் வானத்தைச் சுடலாமே?

சுட்டால் அடுத்த குண்டில் செழியன் அவரைத்தான் கொல்வார்.

எப்போதும் வானத்தையே சுடு என்று மனப்பாடம் செய்வது

மேலே உள்ள எண்களில் அமுதனுக்கு 25/63, பாரிக்கு 24/63, செழியனுக்கு 14/63. வல்லவருக்கே வாய்ப்பு மிகக் குறைவு என்பது மனதில் பதிந்துவிடுவதால், எந்த எண்ணைக் கொடுத்தாலும் வானத்தைக் காட்டுகிறார்கள். அமுதனுக்கு 0.1, பாரிக்கு 0.3, செழியனுக்கு 1 என்று வைத்துப் பாருங்கள். வானத்தைச் சுட்டால் 15.1%, செழியனைச் சுட்டால் 15.5%. பாரி இவ்வளவு மோசமாகச் சுடுபவர் என்றால் செழியனைக் கொல்லும் வேலையை அவரிடம் நம்பி விட முடியாது. செழியன் விழுந்தபின் முதல் குண்டைப் பாரியே சுட்டாலும் அமுதனுக்குப் பெரிய ஆபத்தில்லை. வித்தியாசம் அரை விழுக்காடுகூட இல்லை, ஆனாலும் விடை மாறிவிடுகிறது.