மணி வளைகோடு: −x² எதற்கு, விரிவு கூடினால் உயரம் ஏன் குறைகிறது? தவிர்க்க வேண்டிய தவறுகள்

கடைசல் பட்டறைகளில் அளவுத் தரவை அலசும் வேலைக்குப் புதிதாக வருகிறவர்களோடு அடிக்கடி உட்காருகிறேன். நான் ஆரம்பத்தில் தடுக்கி விழுந்த இடங்களில்தான் அவர்களும் விழுகிறார்கள். தசமப் புள்ளியை இடம் மாற்றிப் போடுவது போன்றவை தானாகவே கண்ணில் பட்டுவிடும், அவற்றை விட்டுவிடுகிறேன். பார்வைக்குச் சரியாகவே தோன்றி, முடிவைக் கெடுக்கும் தவறுகளை மட்டும் எழுதுகிறேன்.

வர்க்கம் எதற்கு என்று கேட்காமல் விடுவது

மணி வளைகோட்டைத் தரும் இயல்நிலைப் பரவலின் சூத்திரத்தில் x² ஏன் வருகிறது என்று கேட்டால், “இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இருக்க” என்பார்கள். அதற்கு |x| போதும். e^(−|x|) கூட இரண்டு பக்கமும் ஒரே மாதிரிதான் இறங்கும், உச்சி மட்டும் கூராக இருக்கும். அப்படியானால் வர்க்கத்தைக் கொண்டுவந்தது எது?

வானியலாளர் ஜான் ஹெர்ஷல் 1850-இல் ஒரு வழி சொன்னார். உயரத்திலிருந்து ஒரு குண்டை, தரையில் உள்ள ஒரு புள்ளியைக் குறிபார்த்துப் போடுகிறோம். பிழையை x என்றும் y என்றும் ஒன்றுக்கொன்று செங்குத்தான இரண்டு திசைகளாகப் பிரிக்கலாம். இரண்டே நிபந்தனைகள்: ஒரு திசையில் நேரும் பிழை மற்றதைப் பாதிக்காது. எந்தத் திசைக்கும் தனிச் சலுகை கிடையாது, புள்ளியிலிருந்து எவ்வளவு தூரம் என்பது மட்டுமே கணக்கு.

x அளவு பிழை நேரும் வாய்ப்பை f(x) என்போம், y-க்கு f(y). முதல் நிபந்தனைப்படி f(x)-ஐயும் f(y)-ஐயும் பெருக்க வேண்டும். இரண்டாவதன்படி, அந்தப் பெருக்கல் தூரத்தை மட்டும் சார்ந்திருக்க வேண்டும். தூரத்தின் வர்க்கம் x² + y². ஆக, வர்க்கங்களைக் கூட்டும்போது மதிப்புகள் பெருக வேண்டும். கூட்டலைப் பெருக்கலாக மாற்றுவது அடுக்குதான். அதனால் e^(kx²) என்ற வடிவம் வந்தே தீரும். தூரம் கூடக் கூட வாய்ப்பு குறைய வேண்டும் என்பதால் k மைனஸ்.

எண்களில் பாருங்கள். (5, 0), (3, 4) இரண்டும் மையத்திலிருந்து ஐந்து அலகு தள்ளி இருக்கின்றன. வர்க்கங்களைக் கூட்டினால் இரண்டுக்கும் 25 வரும், வாய்ப்பும் சமம். வர்க்கத்துக்குப் பதில் |x| + |y| போட்டால் ஒன்றுக்கு 5, மற்றதற்கு 7. ஒரே தூரத்தில் விழுந்த இரண்டு குண்டுகளுக்கு வெவ்வேறு வாய்ப்பு கிடைத்துவிடும்.

அப்புறம், e என்ற எண்ணுக்கு இங்கே தனி மகிமை எதுவும் இல்லை. 2^(−x²) என்று போட்டாலும் மணி மணிதான், அகலம் மட்டும் மாறும். e இருந்தால் வகையிடுவதும் மடக்கை எடுப்பதும் சுலபம்.

எக்செலில் மைனஸ்

```
=EXP(-A2^2/2)
=EXP(-(A2^2)/2)
```

முதல் வரி மணியைத் தராது, இரண்டு ஓரமும் வானத்துக்கு ஏறும். எக்செல் முதலில் மைனஸைப் போட்டு, அப்புறம்தான் வர்க்கமாக்குகிறது. இரண்டாவது வரியே சரி.

உயரத்தை நிகழ்தகவாகப் படிப்பது

ஒரு தண்டின் விட்டத்துக்குத் திட்டவிலக்கம் 0.02 மி.மீ. என்றால், வளைகோட்டின் உச்சி 19.95-இல் நிற்கும். “நிகழ்தகவு 1-ஐத் தாண்டிவிட்டதே!” என்று பதறுவார்கள். தாண்டவில்லை. அது அடர்த்தி: ஒரு மில்லிமீட்டருக்கு 19.95. உச்சியை ஒட்டி 0.001 மி.மீ. அகலத்தை எடுத்தால், அதற்குள் விழும் வாய்ப்பு சுமார் 0.02, அதாவது நூற்றுக்கு இரண்டு. அதே தண்டை மைக்ரானில் அளந்தால் உச்சி 0.01995 ஆகிவிடும். தண்டு மாறவில்லை, அலகுதான் மாறியது.

முன்னால் இருக்கும் 1/σ-ஐத் தூக்கி எறிவது

இதைப் பார்த்தால் எனக்கு இன்றைக்கும் எரிச்சல் வருகிறது. μ சராசரி, σ திட்டவிலக்கம் என்றால் முழுச் சூத்திரம் இது:

f(x) = 1/(σ√(2π)) · e^(−(x−μ)²/(2σ²))

முன்னால் நிற்கும் பின்னம் அலங்காரத்துக்கு வந்ததல்ல. e^(−x²/2) வளைகோட்டின் அடியில் உள்ள பரப்பு √(2π), அதாவது சுமார் 2.507. மொத்த வாய்ப்பு 1 ஆக இருக்க வேண்டும் என்பதால் அதால் வகுக்கிறோம், உச்சி 0.399-க்கு வருகிறது. இப்போது வளைகோட்டை x அச்சில் σ மடங்கு இழுத்தால் பரப்பும் σ மடங்கு பெருகும். அதை மறுபடி 1-க்குக் கொண்டுவர உயரத்தை σ-ஆல் வகுத்தே ஆக வேண்டும். விரிவு இரட்டித்தால் உயரம் பாதி. அடுக்கில் σ² இருப்பதைப் பார்த்துவிட்டு, கால் பங்கு ஆகும் என்று நினைப்பவர்களும் உண்டு. x, y இரண்டு திசையிலும் விரிவு இரட்டித்தால்தான் கால் பங்கு.

ஒரு பட்டறையில் இரண்டு கடைசல் எந்திரங்கள், இரண்டும் 25.00 மி.மீ. தண்டு கடைபவை. புதியதற்கு σ 0.02, பழையதற்கு 0.05. ஒரு நாள் இரண்டின் தண்டுகளும் ஒரே தட்டில் கலந்துவிட்டன. எது எந்த எந்திரத்திலிருந்து வந்தது என்று அளவை வைத்துக் கணிக்கும் பொறுப்பு ஒரு இளைஞருக்கு. “முன்னால் இருப்பது மாறிலிதானே, இரண்டுக்கும் பொது” என்று அவர் அடுக்குப் பகுதியை மட்டும் கணக்கிட்டார்.

25.02 அளந்த ஒரு தண்டை எடுத்துக்கொள்வோம். புதிய எந்திரத்துக்கு e^(−0.5) = 0.61. பழையதற்கு e^(−0.08) = 0.92. ஆக, பழையது என்று அவருடைய தாள் சொன்னது. 1/σ-ஐச் சேர்த்துப் பாருங்கள்: புதியதற்கு 19.95 × 0.607 = 12.1, பழையதற்கு 7.98 × 0.923 = 7.4. இரண்டும் சம எண்ணிக்கையில் கடைந்திருந்தால், புதியதிலிருந்து வந்திருக்கவே வாய்ப்பு அதிகம். தீர்ப்பு தலைகீழ்.

அவருடைய தாளில் எந்தத் தண்டைப் போட்டாலும் பழையதுதான் ஜெயிக்கும். மிகச் சரியாக 25.00 இருந்தால்கூட இரண்டுக்கும் 1 வந்து சமமாக நிற்கும், புதியது ஒருமுறைகூட ஜெயிக்காது. அகலமான வளைகோடு ஓரத்தில் தாராளமாகக் கொடுக்கிறது, அதற்கான விலையை உச்சியில் செலுத்த வேண்டும். அந்த விலையைத்தான் 1/σ வசூலிக்கிறது. முறையாகப் போட்டால், விலகல் சுமார் 0.03 மி.மீ.-க்குள் இருக்கும்வரை புதியது, அதைத் தாண்டினால் பழையது.

அந்தக் கணக்கை நம்பி, பழைய எந்திரத்தை நிறுத்திப் பிரித்துப் போட்டார்கள். உற்பத்தியும் நின்றது. தட்டில் இருந்த தண்டுகளில் கிட்டத்தட்ட எல்லாமே ஒரே எந்திரத்தின் பெயரில் விழுந்திருந்தன. யாராவது அதைப் பார்த்து “ஏன்?” என்று கேட்டிருந்தாலே பிடிபட்டிருக்கும்.

தரவிலிருந்து σ-ஐயே கண்டுபிடிக்கும்போதும் இதே வில்லங்கம் வரும். 1/σ இல்லாவிட்டால் σ பெருகப் பெருக மதிப்பு கூடிக்கொண்டே போகும், எங்கும் நிற்காது. உங்கள் நிரல் σ-க்கு அபத்தமாகப் பெரிய எண்ணைத் தந்தால் முதலில் இதைப் பாருங்கள். மடக்கை எடுத்து எழுதுகிறவர்கள் −ln σ என்ற உறுப்பு இருக்கிறதா என்று தேடுங்கள். σ எல்லாவற்றுக்கும் ஒன்றேயாக இருந்து, அதை மாற்றாமல் ஒப்பிடும்போது மட்டும் விட்டுவிடலாம். தவறு அங்கிருந்துதான் பழக்கமாகிறது.

FALSE, TRUE

எக்செலின் `NORM.DIST`-இல் கடைசியாக FALSE போட்டால் உயரம், TRUE போட்டால் இடப்பக்கப் பரப்பு.

σ-வா, σ²-ஆ?

பாடநூலில் N(0, 4) என்றால் பெரும்பாலும் 4 என்பது σ². ஆனால் பைதானின் `norm.pdf`, ஆர் மொழியின் `dnorm` இரண்டும் கேட்பது σ-ஐ, அதாவது 2. அங்கே 4 கொடுத்தால் உச்சி 0.2-க்குப் பதில் 0.1-இல் நிற்கும்.