சராசரி மறைத்துவிடும் பாடம்: மாதிரிப் பரீட்சைப் புள்ளிகளைப் பதிவதில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஹட்டனில் போட்டிப் பரீட்சைக்குப் படிக்கும் சிலருக்கு நான் வார இறுதிகளில் உதவி வருகிறேன். அவர்கள் தங்கள் மாதிரிப் பரீட்சைப் புள்ளிகளைக் குறித்து வைக்கும் கொப்பிகளைப் பார்க்கும்போது, பல வருடங்களுக்கு முன்னர் நான் செய்த அதே தவறுகளே கண்ணில் படுகின்றன.

மொத்தப் புள்ளியை மட்டும் எழுதுதல்

பாடவாரியாக எழுதாத பதிவால் பயனில்லை.

சராசரி குறைந்த பாடத்தையே பலவீனமான பாடம் என்று முடிவு செய்தல்

எனக்கு இன்றும் எரிச்சலூட்டும் தவறு இதுதான், ஏனெனில் இதற்கு நானே விலை கொடுத்திருக்கிறேன். நான் எழுதிய பரீட்சையில் ஒவ்வொரு வினாத்தாளுக்கும் தனித்தனியே குறைந்தபட்சப் புள்ளி கேட்கப்பட்டிருந்தது. மாதிரிப் பரீட்சைகளில் என் நுண்ணறிவுச் சராசரி நன்றாக இருந்ததால் அதைக் கவனிக்காமல் விட்டேன். உண்மைப் பரீட்சையில் அந்தத் தாளில்தான் எல்லைக்குக் கீழே விழுந்தேன், மற்றத் தாள்களில் பெற்ற நல்ல புள்ளிகள் எதற்கும் உதவவில்லை.

சென்ற வருடம் பொகவந்தலாவையிலிருந்து வரும் தம்பி ஒருவர் தம் கொப்பியைக் காட்டி, “சேர், கிரகித்தல்தானே எனக்குக் குறைவு, இனி அதை மட்டும் படிக்கட்டுமா?” என்று கேட்டார். ஆறு பரீட்சைகளில் அவர் 100க்குப் பெற்ற புள்ளிகள் இவை:

நுண்ணறிவு: 72, 38, 66, 40, 70, 38
கிரகித்தல்: 48, 50, 47, 51, 49, 49
பொது அறிவு: 58, 61, 56, 60, 62, 57

சராசரிகள் முறையே 54, 49, 59. அவர் சொன்னபடி கிரகித்தலே மிகக் குறைவுதான். ஆனால் அவருக்குத் தேவைப்பட்ட எல்லை 40. கிரகித்தல் ஒரு தடவையேனும் 47க்குக் கீழே போகவில்லை. நுண்ணறிவோ ஆறில் இரண்டு தடவை எல்லைக்குக் கீழேயும், ஒரு தடவை சரியாக எல்லையிலும் நின்றது. அப்படியிருக்க, 54 என்ற சராசரி அந்தப் பாடத்தைப் பாதுகாப்பானதாகக் காட்டிக்கொண்டிருந்தது.

ஆகவே ஒவ்வொரு பாடத்துக்கும் சராசரியோடு, புள்ளிகள் அந்தச் சராசரியிலிருந்து எவ்வளவு ஏறி இறங்குகின்றன என்று காட்டும் நியம விலகலையும், எல்லைக்குக் கீழே போன தடவைகளையும் கணிக்க வேண்டும். கணினி விரிதாளில் ஒரு பாடத்தின் புள்ளிகள் B2 முதல் B7 வரை இருந்தால் இவை போதும்:

```
=AVERAGE(B2:B7)
=STDEV.S(B2:B7)
=COUNTIF(B2:B7,"<40")
```

தம்பியின் நுண்ணறிவுக்கு நியம விலகல் ஏறத்தாழ 17 வந்தது, கிரகித்தலுக்கு 1.4, பொது அறிவுக்கு 2.4. கணினி இல்லாதவர்கள் கூடிய புள்ளியிலிருந்து குறைந்த புள்ளியைக் கழித்தாலே போதும்: நுண்ணறிவில் 34, கிரகித்தலில் 4. ஆறு தாள்களிலிருந்து வரும் நியம விலகல் ஒரு மதிப்பீடு மட்டுமே. காய்ச்சலோடு எழுதிய ஒரு தாள்கூட அதைப் பெரிதாக்கிவிடும் என்பதால், பக்கத்தில் ஒரு குறிப்பு நிரலும் இருக்க வேண்டும்.

ஆட்டத்தைக் கண்ட பிறகு காரணத்தைத் தேடாதிருத்தல்

புள்ளி ஆடுகிறது என்று தெரிந்ததும் பலர் அந்தப் பாடத்தை முதலிலிருந்து படிக்கத் தொடங்குகிறார்கள். அதற்கு முன் விடையளித்த வினாக்கள் எத்தனை, அவற்றில் சரியானவை எத்தனை என்று பிரித்துப் பார்க்க வேண்டும். தம்பி எழுதியது 60 நிமிடங்களில் 50 வினாக்கள் கொண்ட தாள். ஒரு வினாவுக்கு இரண்டு புள்ளிகள், பிழைக்குக் கழிவில்லை. 72 பெற்ற நாளில் 44 வினாக்களுக்கு விடையளித்து 36 சரியாக இருந்தன. 38 பெற்ற முதல் நாளில் 23க்கு மட்டுமே விடையளித்திருந்தார், அவற்றில் 19 சரி. இரண்டு நாளும் பத்துக்கு எட்டுக்குச் சற்று மேலாகவே சரியாகச் செய்திருக்கிறார் என்றால், அறிவில் குறையில்லை, நேரத்தில்தான் குறை. விடைத்தாளைப் புரட்டியபோது, 24ஆம் வினாவிலிருந்து எல்லாம் வெறுமையாக இருந்தன. அதற்கு முன்னிருந்த ஓர் எண் தொடர் வினாவின் ஓரத்தில் மட்டும் அரைப் பக்கம் கணக்குப் போடப்பட்டிருந்தது.

ஒரு வினாவுக்கு 72 விநாடிகளே கிடைக்கும் தாளில், 90 விநாடிகளுக்குள் வழி தெரியாவிட்டால் வட்டமிட்டுவிட்டு அடுத்த வினாவுக்குப் போகும்படி சொன்னேன்.

நேரம் வைக்காமல் எழுதிய தாளையும் சேர்த்தல்

அதை வேறு பக்கத்தில் எழுதுங்கள்.

தாளின் கடினத்தைக் கவனிக்காதிருத்தல்

வெவ்வேறு இடங்களில் தயாரித்த தாள்கள் ஒரே அளவு கடினமானவை அல்ல. அதே தாளைச் சேர்ந்து எழுதிய மற்றவர்களின் சராசரியையும் குறித்து வையுங்கள். எல்லோருடைய புள்ளியும் ஒன்றாக இறங்கியிருந்தால் காரணம் பெரும்பாலும் தாளில் இருக்கும்; உங்களுடையது மட்டும் இறங்கியிருந்தால் உங்களிடம் தேடுங்கள். தம்பி 38 பெற்ற இரு நாளும் மற்றவர்களின் சராசரி அசையவில்லை.

அடுத்த நான்கு தாள்களில் அவருடைய நுண்ணறிவுப் புள்ளிகள் 62, 58, 64, 60. முன்பு பெற்ற 72ஐ அவர் எட்டவில்லை, எல்லைக்கு அருகேயும் வரவில்லை. அதன் பிறகே கிரகித்தல் தாளைக் கையில் எடுத்தோம்.