பாவநிவிர்த்திக் கொள்கைகள்: அன்செல்மைக் கால்வினாக்கிவிடாதீர்கள்

“கடவுளின் கோபம் தணிய, நமக்கு வரவேண்டிய தண்டனையை இயேசு சிலுவையில் ஏற்றார் என்பதே அன்செல்மின் கொள்கை.” இறையியல் தேர்வில் பலரும் எழுதும் வாக்கியம் இது. படிக்கச் சரியாகத்தான் தெரியும். ஆனால் இது ஏறக்குறைய நானூற்றைம்பது ஆண்டுகள் தள்ளி வந்த சீர்திருத்தவாதி கால்வினின் கருத்து. மீட்புப்பொருள், ஈடுசெய்தல், நெறித்தாக்கம் என்று மூன்று கொள்கைகளையும் கட்டம் போட்டு மனப்பாடம் செய்வதால் வரும் தவறுகளில் மதிப்பெண்ணை அதிகம் தின்பது இதுதான். அதனால் இதற்கே கூடுதல் இடம் தருகிறேன். அதற்கு முன் மீட்புப்பொருள் கொள்கையைப் பார்த்துவிட வேண்டும், ஏனென்றால் அன்செல்ம் மறுத்தது அதைத்தான்.

மாற்கு 10:45-இல் மனுஷகுமாரன் “அநேகரை மீட்கும்பொருளாகத் தம்முடைய ஜீவனைக்” கொடுக்க வந்தார் என்று இருக்கிறது. யாரிடம் கொடுத்தார் என்று வசனம் சொல்லவில்லை. மூன்றாம் நூற்றாண்டில் ஒரிகேன் அந்தக் கேள்வியைக் கேட்டு, கடவுளிடம் கொடுத்திருக்க முடியாது, நம்மைப் பிடித்துவைத்திருந்த பிசாசிடம்தான் என்றார். நான்காம் நூற்றாண்டில் நிசாவின் கிரெகோரி இதை விரித்தார். கிறிஸ்துவின் மாம்சம் தூண்டிலில் மாட்டிய இரை, உள்ளே மறைந்திருந்த முள் அவருடைய தெய்வீகம், பிசாசு இரையென்று நினைத்து முள்ளையும் சேர்த்து விழுங்கிவிட்டான் என்பது அவர் தந்த படம்.

“ஆதித் திருச்சபை முழுவதும் இதை நம்பியது” என்று எழுதுவது அடுத்த தவறு. அதே நூற்றாண்டில், நிசாவின் கிரெகோரியின் நண்பரான நசியான்சுவின் கிரெகோரி, கொள்ளைக்காரனுக்குக் கடவுளையே விலையாகக் கொடுப்பதா என்று கொதித்தார். பிதாவிடம் கொடுத்தார் என்றும் அவர் ஒப்பவில்லை. நம்மைச் சிறைவைத்தவர் பிதா இல்லையே, ஆபிரகாம் ஈசாக்கைப் பலியிட வந்தபோதுகூட அவர் அதை ஏற்கவில்லையே என்று கேட்டார். இரண்டு கிரெகோரிகளின் பெயரையும் மாற்றி எழுதினால் விடை தலைகீழாகிவிடும். எந்தப் பொதுச்சங்கமும் ஒரே ஒரு கொள்கையை விசுவாச அறிக்கையாக வரையறுக்கவில்லை என்பதையும் இங்கே ஒரு வரியில் சேர்க்கலாம்.

இனி அன்செல்ம். கான்டர்பரி பேராயராக இருந்தவர், அரசரோடு முரண்பட்டு இத்தாலிக்குப் போயிருந்த நாட்களில், 1098-இல், ‘கடவுள் ஏன் மனிதரானார்’ என்ற நூலை முடித்தார். போசோ என்ற சீடரோடு நடக்கும் உரையாடலாக அது அமைந்திருக்கிறது. பிசாசுக்கு மனிதர்மேல் நியாயமான உரிமை எதுவும் இல்லை என்பது தொடக்கத்திலேயே வந்துவிடுகிறது. பிசாசும் கடவுளுக்குச் சொந்தமான ஒரு படைப்பு, எஜமானிடமிருந்து ஓடிப்போன அடிமை. அவனோடு கடவுள் பேரம் பேச என்ன இருக்கிறது?

அப்படியானால் கடன் யாருக்கு? கடவுளுக்கு. படைக்கப்பட்டவர் தம் சித்தம் முழுவதையும் கடவுளுக்குக் கீழ்ப்படுத்த வேண்டும், அதுவே அவருக்குச் செலுத்த வேண்டிய கனம். அதைச் செலுத்தாமல் இருப்பதுதான் பாவம். இதை அற்பமாக நினைக்கும் போசோவிடம் அன்செல்ம் கேட்பதை விடையில் ஓர் உதாரணமாகவே எழுதலாம்: கடவுள் ‘அந்தப் பக்கம் பார்க்காதே’ என்று சொல்லியிருக்க, பார்க்காவிட்டால் உலகம் முழுவதும் அழிந்துவிடும் என்ற நிலை வந்தால், ஒருமுறை பார்த்துவிடலாமா? கூடாது என்று போசோ ஒப்புக்கொள்கிறார். அப்படியென்றால் ஒரு சிறு பாவத்துக்கு ஈடாகக்கூட உலகம் முழுவதையும்விடப் பெரியதைத் தர வேண்டும். தர வேண்டியவன் மனிதன், தரக்கூடியவர் கடவுள் மட்டுமே. ஆகவே கடவுளும் மனிதருமான ஒருவர் வேண்டும்.

பலர் இங்கே நிறுத்திவிடுகிறார்கள். அடுத்த படிதான் முக்கியம். இயேசு கீழ்ப்படிந்து வாழ்ந்ததை ஈடாகக் கணக்கில் வைக்க முடியாது, எந்த மனிதனும் அதைச் செய்யக் கடன்பட்டவன். ஆனால் பாவமில்லாதவர் சாகக் கடன்பட்டவர் இல்லை. அவர் தம் விருப்பத்தால் ஏற்ற மரணம் கடமைக்கு மேற்பட்ட கொடை. அதற்குப் பிதா பலன் தர வேண்டும், குமாரனுக்கோ எந்தக் குறையும் இல்லை. அந்தப் பலன் மனிதருக்குப் போகிறது. அன்செல்மின் வாதம் முழுவதும் இவ்வளவுதான். இதில் தண்டனை எங்கே வந்தது?

வரவில்லை. அன்செல்மின் சூத்திரமே ‘ஒன்று ஈடு, இல்லையேல் தண்டனை’. கனத்துக்கு ஈடு கிடைத்துவிட்டால் தண்டனைக்கு அவசியம் இல்லை. சட்டம் படித்தவரான கால்வினிடத்தில் காட்சி நீதிமன்றமாகிறது: குற்றவாளிக்குரிய தீர்ப்பு குற்றமற்றவர்மேல் விழுகிறது, அந்தத் தண்டனையே ஈடாகிறது. அன்செல்மிடம் எதிரெதிராக நின்ற இரண்டும் கால்வினிடம் ஒன்றாகிவிடுகின்றன. ஆக, முதலில் சொன்ன வாக்கியத்தை இப்படித் திருத்தலாம்: “மனிதர் பறித்த கனத்துக்கு ஈடாக, கடன்படாத தம் மரணத்தை இயேசு கடவுளுக்குக் கொடுத்தார் என்பது அன்செல்மின் கொள்கை. நமக்குரிய தண்டனையையே அவர் ஏற்றார் என்பது சீர்திருத்தவாதிகளிடம் அது எடுத்த வடிவம்.” நீங்கள் எழுதியது அன்செல்மா கால்வினா என்று சந்தேகம் வந்தால், விடையில் ‘தண்டனை’ என்ற சொல் எந்த இடத்தில் வருகிறது என்று பாருங்கள்.

அக்வினாவின் தோமாவை அன்செல்மோடு அப்படியே சேர்த்துவிடுவதும் உண்டு. ஈடு என்ற கருத்தைத் தோமா ஏற்கிறார். ஆனால் ஈடு இல்லாமலே மன்னிக்கக் கடவுளால் முடியும், சிலுவை மிகப் பொருத்தமான வழி என்பதே அவர் நிலை. அன்செல்முக்கோ அது தவிர்க்க முடியாத வழி.

மூன்றாவதான நெறித்தாக்கக் கொள்கை பன்னிரண்டாம் நூற்றாண்டு இறையியலாளர் அபெலார்டுடையது. அவர் விஷயத்தில் அநியாயம் வேறு மாதிரி. “இயேசு ஒரு நல்ல முன்மாதிரி மட்டுமே என்றார் அபெலார்ட்” என்று எழுதிவிடுகிறார்கள். ரோமர் நிருபத்துக்கு அவர் எழுதிய உரையில், மூன்றாம் அதிகாரத்தில்தான் இந்தப் பகுதி வருகிறது. ஒரு வேலைக்காரன் இன்னொரு வேலைக்காரனைக் கெடுத்தால், கெடுத்தவனுக்கு அவன்மேல் உரிமை வந்துவிடுமா என்று கேட்டு அவரும் பிசாசின் உரிமையைத் தள்ளுகிறார். அதாவது மீட்புப்பொருள் கொள்கையை மறுப்பதில் அன்செல்மும் அபெலார்டும் ஒரே பக்கம். அதன் பிறகு, குற்றமற்றவரின் இரத்தத்தை விலையாகக் கேட்பது எவ்வளவு கொடுமை என்று கேட்கிறார். அவருடைய விடை: கிறிஸ்துவின் பாடு காட்டிய அன்பு நமக்குள் அன்பை மூட்டுகிறது, அந்த அன்பு நம்மைப் பாவ அடிமைத்தனத்திலிருந்து விடுவித்துக் கடவுளின் பிள்ளைகளுக்குரிய சுதந்திரத்தைத் தருகிறது.

முன்மாதிரியைப் பார்த்து நாம் முயன்று நல்லவர்களாவது வேறு, கடவுளின் அன்பே உள்ளே வேலைசெய்து நம்மை மாற்றுவது வேறு. முதலாவதைச் சொன்னவர்கள் பதினாறாம் நூற்றாண்டின் சோசினியர்கள். போதாக்குறைக்கு, அதே ரோமர் உரையில் நான்காம் அதிகாரத்துக்கு வரும்போது, நம் பாவங்களுக்குரிய தண்டனையைக் கிறிஸ்து தம் மரணத்தால் நீக்கியதாகவும் அபெலார்ட் எழுதுகிறார்! கட்டத்துக்குள் அடங்காத ஆள்.

‘மட்டுமே’ என்ற பழி பிற்காலத்தில் முளைத்ததும் இல்லை. கிளேர்வோவின் பெர்னார்ட் பாப்பரசர் இரண்டாம் இன்னொசென்டுக்கு எழுதிய நீண்ட கடிதத்தில், அபெலார்ட் மீட்பைப் போதனையாகச் சுருக்கிவிட்டார் என்று குற்றம்சாட்டினார். சான்ஸ் நகரில் கூடிய சங்கமும் அபெலார்டின் கருத்துகளைக் கண்டித்தது. ‘விமர்சன நோக்கில் விளக்குக’ என்று கேள்வி வந்தால் பெர்னார்டின் குற்றச்சாட்டை எழுதத்தான் வேண்டும். அதைப் பெர்னார்டின் பெயரில் எழுதுங்கள், அபெலார்டின் கொள்கை என்ற தலைப்புக்குக் கீழே வைக்காதீர்கள்.